கையெழுத்துக்குப் பிறகு 60 நாள்

ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் ஆடிட்டரின் ரிப்போர்ட் சில பக்கங்களில் முடிந்துவிடும். கடைசியில் கையெழுத்து, ஊர், தேதி. பங்குதாரரும் கடன் கொடுத்த வங்கியும் பார்ப்பது அந்தப் பக்கங்களை மட்டும்தான். அந்த ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் ஆடிட்டரின் அலுவலகத்தில் வேறொரு ஃபைலில் இருக்கிறது. என்னென்ன சோதித்தார்கள், யார் சோதித்தார்கள், எந்த வவுச்சரைப் பார்த்தார்கள், எங்கே சந்தேகம் வந்தது, அது எப்படித் தீர்ந்தது என்பதெல்லாம் அதில்தான். ஆடிட் அலுவலகங்களில் இதை ஒர்க்கிங் பேப்பர் என்பார்கள். நாளைக்கு அந்தக் கம்பெனி மூழ்கினால் விசாரணைக்காரர்கள் முதலில் கேட்பது இந்த ஃபைலைத்தான்.

ரிப்போர்ட்டில் கையெழுத்து விழுந்த அன்றே இந்த ஃபைல் ஒழுங்காக இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. செப்டம்பர் கடைசிக்குள் பொதுக்குழு நடந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் வேலை நடந்திருக்கும். பாதிக் காகிதம் ஆர்ட்டிகிள் பையனின் பையில், சில மெயில்கள் ஒருவருடைய இன்பாக்ஸில், எக்செல் ஷீட்டுகள் நாலைந்து லேப்டாப்பில் என்று சிதறிக் கிடக்கும். இதையெல்லாம் ஒன்றுசேர்க்க ஒரு கால அவகாசம் உண்டு. இந்தியாவில் பட்டய கணக்காளர்கள் பின்பற்ற வேண்டிய தணிக்கைத் தரநிலைகளில் எஸ்.ஏ. 230 என்பது ஆவணப்படுத்துதலைப் பற்றியது. அதன்படியும், நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுக்கான எஸ்.க்யூ.சி. 1-இன்படியும், ரிப்போர்ட்டின் தேதியிலிருந்து பொதுவாக 60 நாளுக்குள் ஃபைலைச் சேர்த்து முடித்துவிட வேண்டும்.

இந்த 60 நாள் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதில்தான் பலருக்கும் தடுமாற்றம். விட்டுப்போன வேலையைச் செய்து முடிக்க அது கொடுக்கப்படவில்லை. செய்து முடித்த வேலையின் காகிதங்களை அடுக்குவதற்கு மட்டும்தான். ஆடிட்டர் தன் கருத்தைச் சொல்லப் போதுமான ஆதாரம் கைக்கு வந்த பிறகே ரிப்போர்ட்டில் தேதி போட வேண்டும் என்பது விதி. ஆகவே தேதி போட்டுவிட்டார் என்றால் வேலை முடிந்துவிட்டது என்று அவரே சொல்லிவிட்டதாக அர்த்தம். கல்யாணம் முடிந்த பிறகு ஆல்பத்தில் படங்களை வரிசைப்படுத்தலாம். எடுக்காமல் விட்ட படத்துக்காகத் தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது.

ஒரு நூற்பாலையின் ஃபைல்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்வோம். 2025 மார்ச் 31-இல் முடிந்த ஆண்டுக்கான ஆடிட் ரிப்போர்ட்டில் செப்டம்பர் 5 தேதியிட்டுக் கையெழுத்தாகிவிட்டது. அதிலிருந்து 60 நாள் எண்ணினால் நவம்பர் 4. அக்டோபர் நடுவில் சீனியர் ஒருவர் ஃபைலைப் பிரித்து உட்காருகிறார். அவர் கையில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஒரு மெயில். திருப்பூரில் உள்ள பனியன் கம்பெனி ஒன்று இந்த ஆலைக்கு 86 லட்சம் தர வேண்டும். பாக்கி சரிதானா என்று கேட்டு ஆடிட்டர் அனுப்பிய கடிதத்துக்கு, ஆமாம், அவ்வளவுதான் என்று ஆகஸ்ட் 28 அன்று பதில் வந்திருக்கிறது. டீமில் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள், அதை நம்பித்தான் முடிவுக்கும் வந்திருக்கிறார்கள். ஆனால் மெயில் ஒருவருடைய இன்பாக்ஸிலேயே தங்கிவிட்டது. இதை அக்டோபரில் எடுத்து ஃபைலில் சேர்க்கலாம். ரிப்போர்ட் தேதிக்கு முன்பே கிடைத்து, டீமுக்குள் பேசி ஒப்புக்கொண்ட ஆதாரத்தை இந்த அவகாசத்தில் பதிவு செய்வதைத் தரநிலை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

இரண்டாவது, வராத பதில். இன்னொரு வாடிக்கையாளரின் பாக்கி 54 லட்சம். அவர் கன்ஃபர்மேஷன் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. ஆடிட்டர் அப்போது மாற்று வழியில் சரிபார்த்திருக்க வேண்டும்: ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பணம் வங்கியில் வந்ததா, சரக்கு போனதற்கு லாரி ரசீது இருக்கிறதா என்று. அதைச் செய்து எழுதியும் வைத்திருந்தால் கவலையில்லை. இப்போது அக்டோபர் 10 அன்று அந்தப் பதில் வந்து சேருகிறது. முதல் மெயிலோடு சேர்த்துச் சத்தமில்லாமல் இதையும் ஃபைலில் சொருகிவிடலாமா? கூடாது. செப்டம்பர் 5-இல் ஆடிட்டர் கையில் இந்தக் கடிதம் இல்லை. இருந்ததுபோல ஃபைல் காட்டக்கூடாது. கடிதத்தில் 54 லட்சம் என்றே இருந்தால், அது வந்த தேதி மறைக்கப்படாத வரை, பெரிய சிக்கல் இல்லை. ஆனால் 41 லட்சம்தான் தர வேண்டும் என்று எழுதியிருந்தால் பிரச்சினை ஃபைலைத் தாண்டிப் போகிறது. ரிப்போர்ட் கொடுத்த பிறகு தெரியவந்த உண்மை அது. நிர்வாகத்துடன் பேச வேண்டும், கணக்கைத் திருத்த வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும். அப்படிப் புதிதாக ஏதாவது சோதனை செய்தால், என்ன சூழ்நிலையில் செய்தோம், என்ன கிடைத்தது, அதனால் ரிப்போர்ட்டுக்கு என்ன விளைவு, ஃபைலில் யார், எப்போது மாற்றினார், யார் பார்த்தார் என்பதைத் தனியாக எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது, இரண்டு ஸ்டாக் ஷீட்டுகள். மார்ச் 31 அன்று பஞ்சு குடோனில் பேல் எண்ணிக்கை எடுத்தபோது எழுதிய கசங்கிய தாள் ஒன்று. பிறகு அழகாக டைப் செய்த ஷீட் ஒன்று. பழைய வரைவுகளையும் நகல்களையும் தூக்கிப்போட இந்த 60 நாளில் அனுமதி உண்டு. இரண்டிலும் 1,240 பேல் என்றே இருந்து, கசங்கிய தாளில் வேறு குறிப்பு எதுவும் இல்லையென்றால் அதை நீக்குவதில் விதிப்படி தடையில்லை. விவரமான ஆடிட்டர் குடோனில் எழுதிய தாளைத்தான் வைத்துக்கொள்வார் என்பது வேறு விஷயம். ஆனால் கசங்கிய தாளில் 1,212 என்றும், டைப் செய்ததில் 1,240 என்றும் இருந்தால்? அப்போது அது வெறும் வரைவு இல்லை. 28 பேல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தாங்கிய தாள். முக்கியமான விஷயத்தில் இறுதி முடிவுக்கு முரணாக ஒரு தகவல் கிடைத்திருந்தால் அந்த முரண்பாட்டை எப்படித் தீர்த்தோம் என்று எழுதி வைக்க வேண்டும் என்கிறது எஸ்.ஏ. 230. இன்னொரு குடோனில் இருந்த 28 பேலைப் பிறகு போய் எண்ணிச் சேர்த்திருக்கலாம். அப்படியென்றால் அந்த விவரம் ஃபைலில் இருக்க வேண்டும். எல்லாம் டைப் ஆகிவிட்டதே என்று கசங்கிய தாளைக் கிழித்துப்போடுவதுதான் ஃபைல் சேர்க்கும்போது நடக்கும் மிக ஆபத்தான சுத்தம்.

நான்காவது, பார்ட்னரின் கையொப்பம். ஸ்டாக் மதிப்பீட்டைச் செப்டம்பர் 3 அன்று பார்ட்னர் பார்த்துக் கேள்வி கேட்டு, பதிலும் வாங்கிவிட்டார். பார்த்ததற்கான இனிஷியல் மட்டும் போட மறந்துவிட்டார். இப்போது போடலாமா? போடலாம், இன்றைய தேதியில். செப்டம்பர் 3 அன்று பார்த்தேன், அக்டோபர் 15 அன்று பதிவு செய்கிறேன் என்று எழுதினால் அது உண்மை. செப்டம்பர் 3 என்று மட்டும் எழுதினால் அது பொய். அந்த வேலையைப் பார்ட்னர் பார்க்கவே இல்லையென்றால், எந்தத் தேதி போட்டாலும் அந்த ஓட்டை அடைபடாது.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: ரிப்போர்ட் தேதியன்று ஆடிட்டருக்கு என்ன தெரிந்திருந்தது? ஃபைல் அந்த ஒரு நாளின் நிலையை அப்படியே காட்ட வேண்டும். இந்த ஆடிட்டோடு சம்பந்தமே இல்லாத, அனுபவமுள்ள இன்னொரு ஆடிட்டர் எடுத்துப் படித்தாலும் என்ன நடந்தது என்று புரிய வேண்டும் என்பதுதான் தரநிலை வைத்திருக்கும் அளவுகோல். வாயால் சொல்லும் விளக்கம் ஃபைலில் இருப்பதைத் தெளிவுபடுத்த உதவும். ஃபைலில் இல்லாத வேலைக்கு அது ஆதாரமாகாது.

பூட்டிய பிறகு

நவம்பர் 4 தாண்டிவிட்டது, ஃபைல் பூட்டியாகிவிட்டது. சாஃப்ட்வேர் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களில் இது நிஜமாகவே பூட்டுதான். ஆர்க்கைவ் பட்டனை அழுத்தினால் படிக்க மட்டுமே முடியும். சிறிய அலுவலகங்களில் இன்டெக்ஸ் எழுதி, கட்டி, அலமாரியில் வைப்பார்கள்.

இதற்குப் பிறகு எதையும் நீக்கக்கூடாது, தூக்கிப்போடக்கூடாது. சேர்ப்பதற்கு வழி உண்டு. தர ஆய்வுக்கு வந்தவர்கள் ஒரு ஒர்க்கிங் பேப்பரைப் பார்த்து விளக்கம் போதவில்லை என்றால், அதைத் தெளிவுபடுத்தி எழுத வேண்டிவரலாம். அப்படிச் சேர்த்தால் ஏன் சேர்த்தோம், எப்போது சேர்த்தோம், யார் சேர்த்தார், யார் பார்த்தார் என்பது கூடவே பதிவாக வேண்டும். பழையது பழையதாகவும் புதியது புதியதாகவும் தெரிந்தால் தவறில்லை. புதியதற்குப் பழைய வேஷம் போடும்போதுதான் குற்றமாகிறது.

பிரிட்டனில் அதுதான் நடந்தது. கட்டுமானப் பெருநிறுவனமான கரில்லியன் 2018 ஜனவரியில் திவாலானது. அதன் ஆடிட்டர் கே.பி.எம்.ஜி. அந்த நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு ஆடிட்டை, திவாலாவதற்கு முன்பே பிரிட்டனின் கண்காணிப்பு அமைப்பான எஃப்.ஆர்.சி. வழக்கமான தர ஆய்வுக்கு எடுத்திருந்தது. ஆய்வாளர்கள் கேட்டபோது, ஆடிட்டின்போது நடந்த கூட்டங்களின் குறிப்புகள் என்று சில காகிதங்கள் கொடுக்கப்பட்டன. அவை அந்தக் கூட்டங்களின்போது எழுதப்பட்டவை அல்ல. ஆய்வுக்காகப் பின்னால் தயாரிக்கப்பட்டவை. இன்னொரு நிறுவனத்தின் ஆடிட்டிலும் ஆய்வாளர்களைத் திசைதிருப்பியது தெரியவந்தது. 2022-இல் கே.பி.எம்.ஜி.க்கு விதித்த அபராதம் 2 கோடி பவுண்ட். ஒத்துழைத்ததற்காகவும் ஒப்புக்கொண்டதற்காகவும் அது 1 கோடியே 44 லட்சம் பவுண்டாகக் குறைந்தது. ஆடிட்டுக்குத் தலைமை தாங்கிய பார்ட்னர் 10 ஆண்டுகளுக்குத் தொழிலிலிருந்து விலக்கப்பட்டார்.

இந்த வழக்கில் கரில்லியனின் கணக்கு சரியா, தவறா என்பது விசாரிக்கப்படவே இல்லை. ஆய்வாளர்களிடம் பொய்க் காகிதம் காட்டியதற்கு மட்டும்தான் இந்தத் தண்டனை. ஆடிட்டிலிருந்த குறைகளுக்காக 2023-இல் இதே நிறுவனம் தனியாக 2 கோடியே 10 லட்சம் பவுண்ட் அபராதம் கட்ட நேர்ந்தது. இல்லாத குறிப்பை இல்லையென்று சொல்லியிருந்தால் ஆய்வறிக்கையில் ஒரு குறையாக வந்திருக்கும். எழுதியதால் அது தனிக் குற்றமானது.

இப்படித் தயாரித்த காகிதம் எப்படி மாட்டிக்கொள்கிறது? பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். ஆகஸ்டில் செய்ததாகச் சொல்லும் சோதனையின் எக்செல் ஃபைலில், உருவாக்கிய தேதி அக்டோபர் என்று இருக்கும். டாலியிலிருந்து எடுத்த பிரின்ட்டின் ஓரத்தில், எடுத்த நாள் காட்டிக்கொடுக்கும். செப்டம்பர் கடைசியில் சேர்ந்த ஆர்ட்டிகிள் பையனின் இனிஷியல் ஜூலை மாத ஒர்க்கிங் பேப்பரில் இருக்கும். ஆறு பேர் ஆறு வாரத்தில் செய்த வேலையில் எல்லாத் தாளிலும் ஒரே நாள், ஒரே பேனா, ஒரே கையெழுத்து இருக்கும். நிஜ ஃபைலில் அடித்தல் திருத்தல் இருக்கும், நடுவில் பதில் வராத கேள்வி இருக்கும், பிறகு பதில் இருக்கும். அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கும் ஃபைலைத்தான் அனுபவமுள்ள ஆய்வாளர் முதலில் சந்தேகிப்பார்.

60 நாள் நீளமாக இருப்பதே இந்த ஆசைக்கு இடம் கொடுக்கிறது என்ற எண்ணமும் வலுத்துவருகிறது. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கம்பெனிகளின் ஆடிட்டர்களைக் கண்காணிக்கும் பி.சி.ஏ.ஓ.பி., ரிப்போர்ட் வெளியிட அனுமதித்த நாளிலிருந்து 45 நாள் கொடுத்துவந்தது. 2024-இல் கொண்டுவந்த புதிய தரநிலையில் அதை 14 நாளாகச் சுருக்கிவிட்டது. காகிதம் கட்டிய காலத்தில் தேவைப்பட்ட அவகாசம் கணினிக் காலத்தில் எதற்கு என்பதுதான் அதன் நியாயம்.

ஏழு ஆண்டுக் காவல்

பூட்டிய ஃபைலை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? இந்தியாவில் எஸ்.க்யூ.சி. 1-இன்படி ரிப்போர்ட்டின் தேதியிலிருந்து பொதுவாக ஏழு ஆண்டுக்குக் குறையாமல். நம் நூற்பாலை ஃபைலுக்கு 2032 செப்டம்பர் 5 வரை. அந்த ஆலை ஒரு பெரிய குழுமத்தின் துணை நிறுவனமாக இருந்து, குழுமத்தின் ரிப்போர்ட் செப்டம்பர் 20 அன்று வந்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும்.

இதைக் கம்பெனியின் சொந்தக் கணக்குப் புத்தகங்களோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. அவற்றைக் கம்பெனிகள் சட்டப்படி எட்டு நிதியாண்டுகளுக்குக் கம்பெனிதான் வைத்திருக்க வேண்டும். ஒர்க்கிங் பேப்பர் ஆடிட்டரின் சொத்து. நாங்கள்தானே ஃபீஸ் கொடுத்தோம், ஃபைலைக் கொடுங்கள் என்று கம்பெனி கேட்டாலும் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. விரும்பினால் சில பகுதிகளின் நகலைத் தரலாம். ஆனால் தேசிய நிதி அறிக்கை ஆணையமான என்.எஃப்.ஆர்.ஏ. கேட்டால் கொடுத்தே தீர வேண்டும். 2018-இல் அமைந்த இந்த ஆணையம், பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் முதலிய பெரிய நிறுவனங்களின் ஆடிட்டர்களைக் கண்காணிக்கிறது. குற்றம் நிரூபணமானால் ஆறு மாதம் முதல் பத்தாண்டு வரை தொழில் செய்யத் தடை விதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

வைத்திருப்பது என்றால் அலமாரியில் இருக்கிறது என்பது மட்டும் இல்லை. எடுத்துப் படிக்கிற நிலையில் இருக்க வேண்டும். கரையான் அரித்த காகிதமும், லைசென்ஸ் முடிந்துபோன சாஃப்ட்வேரில் திறக்க முடியாமல் கிடக்கும் ஃபைலும் ஒன்றுதான். காகிதத்தை ஸ்கேன் செய்து வைக்கலாம். ஆனால் ஓரத்தில் எழுதிய குறிப்பு, டிக் மார்க், கையெழுத்து எல்லாம் அதில் தெரிய வேண்டும். பென்சிலில் மெலிதாகக் கிறுக்கிய குறிப்பு ஸ்கேனில் விழாமல் போவது சாதாரணமாக நடக்கும். அசலை அழிப்பதற்கு முன் ஒருவர் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஏழு ஆண்டு முடிந்தால் உடனே அழித்துவிடலாமா? விசாரணையோ வழக்கோ இல்லையென்றால் அழிக்கலாம். வரப்போவது தெரிந்த பிறகு அழிப்பது வேறு கதை. அந்தக் கதையின் பெயர் ஆர்தர் ஆண்டர்சன். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் கணக்குகளில் ஓட்டை வெளியே தெரியத் தொடங்கியபோது, 2001 அக்டோபர் 23 முதல் அதன் ஆடிட்டரான ஆண்டர்சனின் ஹூஸ்டன் அலுவலகத்தில் காகிதங்கள் கத்தை கத்தையாகத் துண்டாக்கும் எந்திரத்துக்குப் போயின. கம்ப்யூட்டர் ஃபைல்களும் அழிந்தன. நவம்பர் 8 அன்று அரசின் நோட்டீஸ் வந்த பிறகுதான் அது நின்றது. எங்கள் ஆவணக் கொள்கையைத்தான் பின்பற்றினோம் என்று நிறுவனம் வாதாடியது. தேவையற்ற வரைவுகளை நீக்கச் சொல்லும் அப்படி ஒரு கொள்கை நிஜமாகவே இருந்தது. அதே கொள்கை, வழக்கு வரும் என்று தெரிந்தால் எதையும் அழிக்காதே என்றும் சொன்னது.

2002 ஜூனில் நீதிமன்றம் குற்றவாளி என்றது. உலகின் ஐந்து பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்று அதோடு சிதறிப்போனது. ஜூரிக்குச் சொன்ன சட்ட விளக்கம் தவறு என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தபோது காப்பாற்ற நிறுவனம் இல்லை. 2002-லேயே வந்த சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம் ஒர்க்கிங் பேப்பரை ஏழு ஆண்டு வைத்திருக்கச் சொன்னது. விசாரணையைத் தடுக்க ஆவணத்தை அழித்தாலோ திருத்தினாலோ 20 ஆண்டு வரை சிறை என்றது.

கணக்காளர் மேஜைக்கு வரும் கோரிக்கை

இதெல்லாம் ஆடிட்டர்களின் உள்விவகாரம் என்று கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர்கள் நினைக்க வேண்டாம். அக்டோபர் மாதத்தில் அவர்களுக்குத்தான் போன் வரும். "சார், அந்தக் கடன் ஒப்பந்தத்தோட காப்பி நம்ம ஃபைல்ல தெளிவா இல்ல, இன்னொரு தடவ அனுப்புங்களேன்" என்று கேட்டால் அனுப்பலாம். ஏற்கெனவே கொடுத்த, ஏற்கெனவே இருந்த ஆவணம் அது. என்றைக்கு அனுப்பினோம் என்பது மெயிலிலேயே தெரியும்.

"சார், மேனேஜ்மென்ட் ரெப்ரசன்டேஷன் லெட்டர் வாங்க விட்டுப்போச்சு, செப்டம்பர் 5 தேதி போட்டு எம்.டி.கிட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்துடுங்க" என்று கேட்டால் நிலைமை வேறு. கணக்குகளுக்குத் தாங்கள் பொறுப்பு, எதையும் மறைக்கவில்லை என்று நிர்வாகம் எழுதித் தரும் கடிதம் அது. ரிப்போர்ட் தேதிக்கு வெகு அருகில் இருக்க வேண்டும், ஆனால் அதற்குப் பிந்தியதாக இருக்கக்கூடாது என்பது தரநிலை. அதாவது அது கையில் இல்லாமலே ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அக்டோபரில் அச்சடித்துச் செப்டம்பர் தேதி போட்டால் ஆடிட்டரின் தவறு தீராது; எம்.டி.யும், கடிதத்தை டைப் செய்து கொடுத்த கணக்காளரும் அதில் சேர்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. எம்.டி. கையெழுத்துப் போடும் நாள் அக்டோபர் 15 என்றால் கடிதத்திலும் அக்டோபர் 15 என்றே போட்டுக் கொடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டை என்ன செய்வது என்பது ஆடிட்டர் தீர்க்க வேண்டிய கணக்கு.